127 பந்தில் 20 ஓவர்: ஸ்கோர்கார்டு அட்டவணை செய்து பார்த்த கதை

எங்கள் அணியின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு இரண்டு வருடமாக நான்தான் ஸ்கோர் எழுதுகிறேன். நோட்டில் எழுதி, வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றுவது வழக்கம். பெயர், எப்படி அவுட், ரன், பந்து, ஸ்டிரைக் ரேட், கீழே எக்ஸ்ட்ரா, மொத்தம். இவ்வளவுதான் அட்டவணை. போன மாதம்தான் பேட்டர்கள் சந்தித்த பந்துகளை முதன்முறையாகக் கூட்டிப் பார்த்தேன். 127 வந்தது. நாங்கள் ஆடியது சரியாக 20 ஓவர், அதாவது 120 பந்து. ஏழு பந்து எங்கிருந்து வந்தது?

முதலில் வைடு என்று நினைத்தேன். அந்த இன்னிங்ஸில் வைடு 15, நோபால் 2, பை 2, லெக் பை 4. 127இல் 15ஐக் கழித்தால் 112. அது 120க்கும் கீழே போய்விடுகிறது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. வைடு 15 என்பது ரன், பந்து அல்ல. ஒரு வைடு கீப்பரையும் தாண்டி பவுண்டரிக்குப் போனதில் ஐந்து ரன், இன்னொன்றும் அப்படியே. மீதி ஐந்தும் ஒற்றை வைடு. ஆக 15 ரன், ஏழே பந்து. ஏழு! அதிகமாக வந்ததும் ஏழுதானே, கணக்கு முடிந்தது என்று நோட்டை மூடப் போனேன். ஆனால் முதல் பத்து ஓவர் எழுதியவன் நான். வைடுக்குப் பேட்டர் வரிசையில் நான் புள்ளி வைப்பதே இல்லை. அந்த இரண்டு பவுண்டரி வைடும் நான் எழுதிய ஓவர்களில் வந்தவை. அப்படியென்றால் ஏழும் வைடாக இருக்க முடியாது.

சரி, முதலில் அட்டவணை நம்பகமானதா என்று தெரிய வேண்டும். எல்லாரும் பார்த்துப் பார்த்துச் சரிபார்த்த ஒரு ஸ்கோர்கார்டை அதில் ஏற்றிப் பார்ப்போம் என்று 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்தேன். ஜூன் 25, லார்ட்ஸ். அன்றைக்கு ஓர் அணிக்கு 60 ஓவர்.

அட்டவணையில் பேட்டர்கள் 2ஆம் வரியிலிருந்து 12ஆம் வரி வரை. ரன் C பத்தி, பந்து D பத்தி. கீழே பை B14, லெக் பை B15, வைடு B16, நோபால் B17, எக்ஸ்ட்ரா கூட்டல் B18, மொத்தம் B19, ஓவர் B20, ஓவரைப் பந்தாக மாற்றியது B21. ஸ்டிரைக் ரேட்டுக்கு இது:

```
=IF(D2=0,"-",C2/D2*100)
```

ஒரு பந்தும் சந்திக்காமல் மறுமுனையில் ரன் அவுட் ஆனவருக்குக் கோடுதான் வர வேண்டும். மூன்று பந்து ஆடி ரன் எடுக்காத கீர்த்தி ஆசாத்துக்கு 0.00 வர வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

எளிதாக இருக்கட்டும் என்று வெஸ்ட் இண்டீஸ் இன்னிங்ஸை முதலில் ஏற்றினேன். 52 ஓவரில் 140க்கு ஆல் அவுட். பேட்டர்கள் எடுத்தது 126, எக்ஸ்ட்ரா 14, அதில் லெக் பை 4, வைடு 10. கூட்டல் சரி. பேட்டர்களின் பந்துகள் 312. 52ஐ 6ஆல் பெருக்கினாலும் 312. ஒரு பந்துகூடப் பிசகவில்லை. பத்து ரன் வைடிலேயே வந்திருக்கிறது, ஆனாலும் அதில் ஒரு பந்துகூடப் பேட்டர் கணக்கில் ஏறவில்லை. ரிச்சர்ட்ஸின் 33 ரன், 28 பந்து, 117.86 என்று பெட்டியில் வந்து நின்றபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

அப்புறம் இந்தியா. கவாஸ்கர் 2 (12), ஸ்ரீகாந்த் 38 (57), அமர்நாத் 26 (80), யஷ்பால் 11 (32), பாட்டீல் 27 (29), கபில் 15 (8), ஆசாத் 0 (3), பின்னி 2 (8), மதன் லால் 17 (27), கிர்மானி 14 (43), சந்து 11 நாட் அவுட் (30). பேட்டர்கள் 163, எக்ஸ்ட்ரா 20, மொத்தம் 183. ரன் கணக்கு சரி. பந்துகள் 329. ஆனால் 54.4 ஓவருக்கு அட்டவணை காட்டியது 327. இரண்டு பந்து வித்தியாசம்.

அரை மணி நேரம் ஒவ்வொரு எண்ணாகத் திரும்பச் சரிபார்த்தேன். தட்டச்சில் பிழையே இல்லை. கடைசியில் கையால் போட்டேன்: 54 பெருக்கல் 6, 324, அதோடு நாலு, 328. அட்டவணை சொன்ன 327 தவறு! 54.4 என்பது ஐம்பத்து நாலு ஓவரும் நாலு பந்தும், தசம எண் அல்ல என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் முழு எண்ணைத் தனியாகப் பிரித்து, மிச்சத்தைப் பத்தால் பெருக்கி, அதற்கும் INT போட்டிருந்தேன். கணினிக்கோ 54.4இல் 54 போனால் மீதி சரியாக 0.4 இல்லை, 0.3999 என்று நீளும். பத்தால் பெருக்கினால் 3.999. INT அதை 3 ஆக்கிவிடுகிறது. வெஸ்ட் இண்டீஸ் முழு 52 ஓவர் ஆடியதால் இந்தப் பிழை அங்கே தலைகாட்டவே இல்லை. எங்கள் 20 ஓவர் ஆட்டங்களிலும் அதனால்தான் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. ROUND போட்டதும் 328 வந்தது:

```
=INT(B20)*6+ROUND((B20-INT(B20))*10,0)
```

இன்னும் ஒரு பந்து மிச்சம். பேட்டர்கள் 329, ஓவர்களில் 328. எக்ஸ்ட்ரா வரியை மறுபடி வாசித்தேன். பை 5, லெக் பை 5, வைடு 9, நோபால் 1. அந்த ஒரு நோபால்தான் இந்த ஒரு பந்து.

காரணத்தை யோசித்தால் நியாயம் விளங்கும். வைடு என்பது பேட்டருக்கு எட்டாத பந்து. எட்டாத பந்தை அவர் சந்தித்ததாகச் சொல்ல முடியாது. நோபால் அப்படியில்லை. அதை அடிக்கலாம், சிக்ஸரும் வரலாம், அந்த ஆறும் பேட்டர் கணக்கில்தான் சேரும். ரன்னை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பந்தை மறைத்தால் ஸ்டிரைக் ரேட் பொய்யாகிவிடும். ஆகவே நோபால் ஓவரில் சேராது, பேட்டருக்குச் சேரும். வைடு இரண்டிலும் சேராது. பையும் லெக் பையும் இரண்டிலும் சேரும். இன்னிங்ஸ் முடிந்ததும் பார்க்க வேண்டிய சோதனை இரண்டு, இரண்டிலும் பூஜ்யம் வர வேண்டும்:

```
=SUM(C2:C12)+B18-B19
=SUM(D2:D12)-B21-B17
```

இரண்டாவதில் நோபால் ரன்னையே நோபால் எண்ணிக்கையாக எடுத்திருக்கிறேன். இன்றைய விதிப்படி அது பொருந்தும். நோபாலுக்கு ஒரு ரன், அந்தப் பந்தில் பேட்டர் அடித்தது அவருக்கு, ஓடிய பை பையாகவே. பழைய ஆட்டங்களுக்கு இதை அப்படியே போடக் கூடாது. அக்காலத்தில் நோபாலில் பேட்டர் ரன் எடுத்துவிட்டால் அந்த ஒரு ரன் தனியாகக் கிடையாது, எனவே எக்ஸ்ட்ரா வரியில் அந்த நோபால் தெரியாமலே போகும். 1983 இறுதி ஆட்டத்தில் பொருந்தி வந்தது நல்லவேளை.

பௌலர் பத்தியையும் ஏற்றிப் பார்த்தேன். ராபர்ட்ஸ் 32, கார்னர் 24, மார்ஷல் 24, ஹோல்டிங் 26, கோம்ஸ் 49, ரிச்சர்ட்ஸ் 8. கூட்டினால் 163. எனக்கு இது புதிது. நாங்கள் எழுதும் முறையில் வைடும் நோபாலும் பௌலர் தலையில் ஏறும், பையும் லெக் பையும்தான் ஏறாது. அப்படிப் பார்த்தால் 183இல் பத்து போய் 173 வர வேண்டும். ஆனால் வந்திருப்பது பேட்டர்கள் எடுத்த அதே 163. வைடு 9, நோபால் 1 இரண்டையும் அன்றைக்கு எந்தப் பௌலர் கணக்கிலும் எழுதவில்லை. இந்தியப் பௌலர்கள் பக்கமும் அதேதான்: 21, 32, 31, 23, 12, 7, ஆக 126. அந்தக் காலப் பௌலர்களின் எகானமியை இன்றைக்கு உள்ளவர்களோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இப்போது எங்கள் ஆட்டத்துக்கு வருகிறேன். 120 பந்து, நோபால் 2, ஆக 122 வரலாம். இருப்பது 127. உண்மையான பிழை ஐந்து பந்துதான். பத்தாவது ஓவருக்குப் பிறகு நோட்டு என் கையிலிருந்து ஒரு தம்பிக்குப் போனது. அந்தப் பாதியில் வந்த வைடு ஐந்து. அவன் ஓவர் கட்டத்தில் வைடுக்குக் கூட்டல் குறி சரியாகப் போட்டுவிட்டு, பேட்டர் வரிசையிலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போயிருக்கிறான்.

யார் யார் கணக்கில் ஐந்தும் ஏறியது என்பதை ஓவர் கட்டங்களை வைத்துத்தான் பிரிக்க முடிந்தது. 14ஆவது ஓவரில் இப்படி இருந்தது:

```
1  +  .  1  +  4  .  .
```

ஓவர் தொடங்கும்போது ஸ்டிரைக்கில் கேப்டன். முதல் பந்தில் ஒரு ரன் எடுத்ததும் மறுமுனையில் ஆடிய எங்கள் கீப்பர் இந்தப் பக்கம் வந்தான். முதல் வைடு அவனுக்கு. அடுத்து ஒரு புள்ளி, ஒரு ரன். மறுபடி கேப்டன். இரண்டாவது வைடு அவருக்கு, அதன் பின் பவுண்டரி, இரண்டு புள்ளி. இந்த ஓவரில் கீப்பர் ஆடியது இரண்டு பந்து, நோட்டில் இருந்ததோ மூன்று. மற்ற ஓவர்களையும் இப்படியே ஒற்றை ரன்களைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஐந்தில் மூன்று கீப்பர் கணக்கில் ஏறியிருந்தது, இரண்டு கேப்டன் கணக்கில்.

கீப்பர் அன்றைக்கு அடித்தது 41. நோட்டின்படி 30 பந்து, 136.67. திருத்திய பிறகு 27 பந்து, 151.85. சோதனைப் பெட்டிகள் இரண்டும் 0 காட்டின. பௌலர் பக்கம் 144, மொத்தம் 150இல் பை, லெக் பை ஆறு போக மீதி. அதுவும் சரி.

அந்தத் தம்பியிடம் நோட்டைக் காட்டினேன். "வைடுக்குப் புள்ளி வைக்கலன்னா அந்தப் பந்து நடந்ததுன்னு எப்படிண்ணே தெரியும்?" என்றான். அது நியாயமான கேள்வி. அதனால் பேட்டர் வரிசையிலும் வைடுக்குக் குறி போடலாம் என்று வைத்துக்கொண்டோம். ஆனால் புள்ளி இல்லை, அதே கூட்டல் குறி. எண்ணும்போது கூட்டல் குறியைத் தாண்டிவிட வேண்டும். போன ஞாயிறு அவன் எழுதியது 18.3 ஓவர், 111 பந்து, நோபால் 1. பேட்டர் பத்தியில் 112 வந்திருந்தது.