மூடிய கண்களும் ஜன்னல் வெளிச்சமும்

மார்ச் 4

பதினோரு பேர் நிற்கும் குடும்பப் படம். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். எடுத்ததே ஒரு படம்தான். வேறு நாட்களில் எடுத்த மூன்று படங்களை அனுப்பி, "இதில் எந்த முகமானாலும் சரி, வைத்துக் கொடுங்கள்" என்கிறார் அவர் மகள்.

எந்த முகமானாலும் சரிவராது. குழுப் படம் கட்டட நிழலில் எடுத்தது. மென்மையான வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. வந்த மூன்றில் அழகான சிரிப்பு இருப்பது ஃபிளாஷ் படத்தில். ஆனால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் தோல் வெள்ளையாக வெந்துபோயிருக்கிறது. அங்கே நிறமே பதிவாகவில்லை, எதைத் திருத்துவது? இன்னொன்று கைபேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்து எடுத்தது. மூக்கு பெரிதாகி, காதுகள் கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. எட்ட நின்று எடுத்த குழுப் படத்தில் அந்த முகம் ஒட்டவே ஒட்டாது. மிஞ்சியது ஜன்னலோரப் படம். சிரிப்பு கொஞ்சம் குறைவு, வெளிச்சம் வலப்பக்கம். ஆனாலும் இதுதான்.

மார்ச் 5

கண்களை மட்டும் வெட்டி வைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். சிரிக்கும்போது கன்னம் மேலேறி, கீழ் இமை சுருங்கும். பழைய கன்னத்தின் மேல் புதுக் கண் வைத்தால் முகம் முறைப்பது போலத் தெரியும். அதனால் புருவத்துக்குச் சற்று மேலிருந்து தாடை வரை மொத்தமாக எடுத்தேன். முடி, காது, கழுத்து எல்லாம் பழையதே. முடி ஓரத்தை வெட்டும் தொல்லையும் இல்லை.

வெளிச்சம் இடமிருந்து வர, முகத்தை இடவலமாகத் திருப்பினேன். திருப்பினால் மச்சமும் பக்கம் மாறிவிடும். பழைய முகத்தில் வலக் கன்னத்தில் இருப்பது புதியதில் இடத்துக்குப் போய்விட்டது. அதை அழித்து, உரிய பக்கத்தில் வைத்தேன். வீட்டார் முதலில் கவனிப்பது இதைத்தான்.

புது முகம் இருக்கும் லேயரின் ஒபாசிட்டியைப் பாதியாக்கி, அடியில் இருப்பது தெரியும்படி வைத்து, கண்களின் வெளி ஓரங்களையும் வாயின் ஓரங்களையும் பழைய முகத்தின் மேல் பொருத்தினேன். கண்ணும் வாயும் ஒரே அளவில் பொருந்தினால் தலையின் சாய்வும் சரி என்று அர்த்தம்.

மார்ச் 6

நிறம். இதற்குத்தான் நாள் முழுதும் போனது.

பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து நிறம் சேர்ப்பவர்கள் உண்டு. அவர் தோல் வேறு, இவர் தோல் வேறு. கண் மூடிய அந்தப் பழைய முகமே கீழே இருக்கிறதே. அதே தோல், அதே வெளிச்சம். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

நிறத்தை அளக்கும் ஐட்ராப்பரை ஒற்றைப் பிக்சலில் வைக்காமல் 11க்கு 11 சராசரியில் வைத்து, வெளிச்சம் படும் கன்னத்தை அளந்தேன். பழையது சிவப்பு 182, பச்சை 138, நீலம் 116. புதியது 201, 148, 109. அதாவது புது முகம் வெளிறி, மஞ்சள் பூத்திருக்கிறது. அந்த லேயருக்கு மட்டும் படும்படி, நிறங்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் ஒன்றைப் போட்டு, சிவப்பையும் பச்சையையும் இறக்கி நீலத்தை ஏற்றியதும் அந்தக் கன்னம் சேர்ந்துவிட்டது.

நிழல் கன்னம் சேரவில்லை. பழையதில் சிவப்பு 141 இருக்கும் இடத்தில் புதியதில் நூறுக்கும் கீழே. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழுவதால் மறுபக்கம் இருண்டுவிடும். திறந்த வெளியில் வானமே சுற்றிலும் வெளிச்சம் தரும். அதே கர்வ்ஸை வளைத்து இருட்டைத் தூக்கினால் புருவமும் கருவிழியும் சாம்பல் பூசியது போல ஆகிவிடும். அதனால் இரண்டாவது கர்வ்ஸ், அதன் மாஸ்க் முழுக்கக் கறுப்பு. கறுப்பில் திருத்தம் படாது, வெள்ளையில் மட்டும் படும். நிழல் கன்னத்தில் மட்டும் மென்மையான பிரஷால் வெள்ளை தடவி, கண்ணையும் புருவத்தையும் விட்டுவிட்டேன். நிழலுக்கு நீலம் சற்றுக் கூடுதலாகவே தேவைப்பட்டது. அங்கே விழுவது வானத்தின் வெளிச்சம்.

சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு தற்காலிக லேயர்கள். ஒன்று படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும். வெளிச்ச வித்தியாசம் மட்டும் தெரியும். மற்றது நிறச் செறிவை அளவுக்கு மீறி ஏற்றும். அதில் தாடையோரம் ஆரஞ்சுக் கோடு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. சாதாரணமாகப் பார்த்தபோது கண்ணுக்கே படவில்லை. புது முகத்தை வெட்டிக் காட்டும் மாஸ்க்கின் ஓரத்தைக் கழுத்து நிழலுக்குள் தள்ளியதும் போய்விட்டது.

மார்ச் 7

இன்று சின்ன வேலைகள்தான். புது முகம் மற்றவர்களைவிடக் கூர்மையாக இருந்தது. லேசாக மங்கலாக்கி, குழுப் படத்தில் இருக்கும் புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் கொஞ்சம் சேர்த்தேன். நீலச் சேனலை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தால் இரைச்சல் ஒத்துப்போகிறதா என்று உடனே தெரியும். அங்கேதான் அது அதிகம்.

கருவிழியில் ஜன்னல் சட்டம் அப்படியே பிரதிபலித்தது. வெட்டவெளியில் ஏது ஜன்னல்? அந்தக் குறுக்குக் கோட்டை அழித்து, மேலே மங்கலான ஒரு வெளிச்சத் துணுக்கை மட்டும் விட்டேன்.

மகளுக்கு அனுப்பியாயிற்று. படத்தைப் பார்த்துவிட்டு, பின்வரிசையில் நிற்கும் தன் தம்பியின் காலரைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார்.