பாப் ஸ்மியர் பிராக்டிகல்: எந்தக் கிரேடு என்று எப்படிச் சொல்வது

நான் சைட்டாலஜி படித்தது பாளையங்கோட்டையில். பிராக்டிகலில் கர்ப்பப்பை வாய் ஸ்மியர் ஸ்லைடு வந்தால், எக்ஸ்டர்னல் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். "இது எந்தக் கிரேடு? எதை வைத்துச் சொல்கிறாய்?" முதல் கேள்விக்குப் பாதிப் பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். திணறுவது இரண்டாவதில்தான்.

நம் அளவுகோல் ஸ்லைடிலேயே இருக்கிறது: இன்டர்மீடியட் செல்லின் நியூக்ளியஸ். அகலமாக, நீலப்பச்சையாகப் பரந்து கிடக்கும் அந்தச் செல்லின் நடுவில் உள்ள நியூக்ளியஸின் பரப்பு சுமார் 35 சதுர மைக்ரான். குறுக்களவில் 7 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு, கிட்டத்தட்ட ஒரு சிவப்பணு அளவு. ஸ்மியர் ரிப்போர்ட்டுக்குக் கிரேடு போடும் பெத்தெஸ்டா முறை இதைத்தான் அடிப்படையாக வைக்கிறது. நியூக்ளியஸ் இதைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு என்றால், இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாத மாற்றம், அதாவது ஏஎஸ்சி-யுஎஸ். மூன்று மடங்குக்கு மேல் போனால் குறைந்த கிரேடு மாற்றம், அதாவது எல்எஸ்ஐஎல்.

இந்த மடங்குக் கணக்கு பரப்புக்கு, குறுக்களவுக்கு அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். பரப்பு மூன்று மடங்காக, குறுக்களவு 1.7 மடங்கு ஆனாலே போதும். அதாவது 7 மைக்ரான் 12 ஆனால் சரி. மூன்று மடங்கு அகலமான நியூக்ளியஸைத் தேடிக்கொண்டிருந்தால் எல்எஸ்ஐஎல் செல்கள் கண்முன்னே கடந்து போய்விடும்.

ஒரு ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் 41 வயது அம்மா ஒருவருடையது என்று வையுங்கள். 10எக்ஸில் பார்த்தால் பெரும்பாலும் இன்டர்மீடியட் செல்கள். நடுவே ஒரு பெரிய செல். நியூக்ளியஸைச் சுற்றி வெட்டியெடுத்ததுபோல் தெளிவான வெளிறிய வளையம், அதன் ஓரத்தில் சைட்டோபிளாசம் தடித்திருக்கிறது. நியூக்ளியஸ் 12 மைக்ரான், கருத்து, ஓரம் சுருங்கி இருக்கிறது. இது கொய்லோசைட், எச்பிவி கிருமி விட்ட தடம். கிரேடு எல்எஸ்ஐஎல். வளையம் மட்டும் இருந்து நியூக்ளியஸ் சாதாரணமாக இருந்தால் அப்படிச் சொல்லக் கூடாது. கிளைகோஜன் நிறைந்த செல்லிலும், அழற்சியிலும்கூட வளையம் தெரியும்.

அதே ஸ்லைடின் ஓரத்தில் சின்னச் சின்னச் செல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. நியூக்ளியஸ் 9 மைக்ரான்தான், கொய்லோசைட்டினுடையதைவிடச் சிறியது. பரப்பைப் பார்த்தால் இரண்டு மடங்குகூட வராது. ஆனால் செல்லே மொத்தம் 12 மைக்ரான்தான். ஆக, செல்லில் பாதிக்கு மேல் நியூக்ளியஸே அடைத்திருக்கிறது. 40எக்ஸுக்கு மாற்றினால் நியூக்ளியஸின் ஓரம் அங்கங்கே உள்வாங்கி மடிந்திருப்பதும், குரோமாட்டின் கரடுமுரடாகத் திரண்டிருப்பதும் தெரியும். இது உயர்ந்த கிரேடு மாற்றம், அதாவது எச்எஸ்ஐஎல். கிரேடு ஏற ஏற நியூக்ளியஸ் பெரிதாகிக்கொண்டே போகும் என்று நினைக்காதீர்கள், சைட்டோபிளாசம் சுருங்குவதுதான் முக்கியம். ரிப்போர்ட்டில் இரண்டில் மோசமானதுதான் முதன்மையாகப் போகும்.

இதே அளவில், இன்னும் முதிராத சாதாரண மெட்டாபிளாஸ்டிக் செல்லும் இருக்கும். அதன் ஓரம் வழவழப்பாக, குரோமாட்டின் மெல்லியதாகச் சீராக இருக்கும். சந்தேகத்துக்கிடமான செல்கள் நாலைந்துதான் இருக்கின்றன, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் ஏஎஸ்சி-எச் என்று எழுதுங்கள். அதன் பொருள், "எச்எஸ்ஐஎல் இல்லை என்று ஒதுக்க முடியாது". அது மழுப்பல் இல்லை, டாக்டர் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி செய்ய வேண்டும் என்ற தெளிவான சேதி.

இந்தச் சொற்களின் அர்த்தம் வைவாவிலும் வரும், அப்புறம் வேலையில் ரிப்போர்ட் வாங்க வரும் அக்காமாரும் கேட்பார்கள். என்ஐஎல்எம் என்றால் புற்றுக்கு முந்தைய மாற்றமோ புற்றோ தென்படவில்லை என்று மட்டும்தான். பூஞ்சை, டிரைக்கோமோனாஸ் தொற்று இருந்தாலும் இந்தத் தலைப்பின் கீழேதான் வரும். எல்எஸ்ஐஎல் பெரும்பாலும் எச்பிவி தொற்றின் அடையாளம், பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். எச்எஸ்ஐஎல்லும் புற்றுநோய் அல்ல. ஆனால் விட்டுவைத்தால் புற்றாக மாறும் வாய்ப்பு அதிகம் என்பதால் கால்போஸ்கோபி, தேவையானால் பயாப்ஸி என்று உடனே போக வேண்டும். ஸ்மியர் சல்லடை மாதிரி சந்தேகத்தைப் பிரித்துக் காட்டும், முடிவைச் சொல்வது பயாப்ஸிதான்.

கடைசியாக, மாதவிலக்கு நின்றவர்களின் ஸ்லைடு. அதில் இன்டர்மீடியட் செல்லே அரிதாக இருக்கும், எங்கும் பாராபேசல் செல்கள்தான். அவற்றின் நியூக்ளியஸ் இயல்பிலேயே சுமார் 50 சதுர மைக்ரான், சைட்டோபிளாசமும் குறைவு. ஸ்லைடை ஆல்கஹாலில் போடத் தாமதித்துக் காய்ந்திருந்தால் இன்னும் உப்பித் தெரியும். அவசரப்பட்டு எச்எஸ்ஐஎல் என்று சொல்லாமல் குரோமாட்டினைப் பாருங்கள். வெளிறி, மங்கலாக, ஓரம் சீராக இருந்தால் அது வயதின் மாற்றம். முடிவு செய்ய முடியாதபோது, டாக்டர் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் கொடுத்து மறுபடி ஸ்மியர் எடுக்கும் வழக்கம் உண்டு. வயதால் வந்த மாற்றமென்றால் செல்கள் முதிர்ந்து அகலமாகிவிடும், உண்மையான எச்எஸ்ஐஎல் செல்கள் அப்படியே நிற்கும்.