பைண்டிங் நட்டத்தில் ஓடவில்லை: வாடகையும் கரண்ட் பில்லும் பிரித்த ஐந்து மாதம்

போன வாரம்தான் இந்தக் கணக்கு ஒரு வழிக்கு வந்தது. ஐந்து மாதம் ஆயிற்று. இதே வேலையில் இறங்கப்போகும் கணக்காளர் யாராவது படித்தால் நான் பட்ட பாடு கொஞ்சமாவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில் கணக்கு பார்க்கிறேன். ஆஃப்செட், ஃபிளெக்ஸ், பைண்டிங், முன்னால் டிசைனும் கவுண்டரும் என்று நான்கு பிரிவு, மொத்தம் இருபது பேர். மாத வாடகை 60,000 ரூபாய். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் ஏறக்குறைய 60,000. இந்த இரண்டையும் வருடக்கணக்காக நான்காகச் சமமாகப் பிரித்து எழுதி வந்தோம். அதாவது ஒரு பிரிவுக்கு மாதம் வாடகை 15,000, கரண்ட் 7,500, ஆக 22,500.

பைண்டிங்கில் கூலியும் பசை, நூல் செலவும் போக மாதம் 16,000 ரூபாய்தான் நிற்கும். அதில் 22,500-ஐக் கழித்தால் 6,500 நட்டம். முதலாளி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "பைண்டிங்கை நிறுத்திட்டு வெளியே கொடுத்திரலாமா?" என்று கேட்டார். எட்டுப் பேர் வேலை பார்க்கும் பிரிவு அது. தாளைத் தயாரித்தவன் நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

முதலில் விற்பனை விகிதத்தில் பிரித்துப் பார்த்தேன். பைண்டிங்குக்குப் பாரம் குறைந்தது, ஆனால் ஃபிளெக்ஸ் பார்க்கும் தம்பி தாளோடு வந்து நின்றான். "அண்ணே, இந்த மாசம் கொடை விழா ஆர்டர் நிறைய பிடிச்சேன். அதுக்காக எனக்கு வாடகை கூடுமா? அதே ரூம்லதான இருக்கேன்." அவன் கேட்டது நியாயம். ஆஃப்செட் விற்பனையில் பெரும்பகுதி காகிதத்தின் விலை, அதற்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. விற்பனையை வைத்து வாடகையைப் பிரித்தால் நன்றாக உழைத்தவன் தலையில்தான் விழும். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

சரி, சதுர அடிப்படி பிரிக்கலாம் என்று வாடகை ஒப்பந்தத்தை எடுத்தால் அதில் அளவே இல்லை. "முன்கடையும் பின்புற ஷெட்டும் உட்பட" என்று ஒரு வரி, அவ்வளவுதான். கட்டடத்தின் பிளான் நகல் வாங்க உரிமையாளரைத் தேடி மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் மறுபடி போய் நகலை வாங்கி வந்தால், அதில் வெளிச்சுவரின் கனமும் சேர்ந்த மொத்த அளவு மட்டும்தான் இருந்தது. எந்த அறை எவ்வளவு என்று இல்லை. இரண்டு நாள் வீண். முதல் நாளே டேப்பைப் பிடித்து அளந்திருக்கலாம். நீங்கள் அலையாதீர்கள்: சுவருக்கு உட்புறம், அறை அறையாக, பிரிவுக்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு அளங்கள். பின்னால் யாரும் அளவு தப்பு என்று சொல்ல முடியாது.

அளந்ததில் ஆஃப்செட் 1,000 சதுர அடி, ஃபிளெக்ஸ் 600, பைண்டிங் 600, கவுண்டர் 300. நடை, மாடிப்படி, கழிப்பறை எல்லாம் 500. இந்தப் பொது இடத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. அவரவர் இடமான 2,500-ஆல் 60,000-ஐ வகுத்தால் சதுர அடிக்கு 24 ரூபாய், பொது இடத்தின் வாடகை அதற்குள்ளேயே வந்துவிடும்.

ஆனால் இதிலும் பைண்டிங்குக்கு 14,400, ரோட்டைப் பார்த்த கவுண்டருக்கு 7,200 என்று வந்தது. பைண்டிங் இருப்பது பின்னால் தகர ஷெட்டில். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, இரண்டுக்கும் அது ஒழுகும். அந்த ஷெட்டுக்கும் முன்கடைக்கும் ஒரே விலை போட்டால் எப்படி? அக்கம்பக்கத்தில் ரோட்டோரக் கடைக்கும் பின்புற கோடவுனுக்கும் என்ன வாடகை போகிறது என்று நாலைந்து இடத்தில் விசாரித்தேன். நடு அறையை ஒன்று என்று வைத்தால் முன்கடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பின் ஷெட் பாதி. அதையே எடையாக வைத்தேன். இந்த எடையைக் கணக்காளர் தன் மனசுக்குத் தோன்றியபடி போடக்கூடாது. யாரிடம், என்ன விசாரித்தோம் என்று எழுதி வைத்திருந்தால்தான் கவுண்டர்காரர் கேட்கும்போது பதில் சொல்ல முடியும்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த பைண்டிங் அக்கா அப்போதுதான் ஒன்றைச் சொன்னார். "மக்களே, அந்தச் சுவரோரம் அடுக்கி இருக்கிற ரீம் எல்லாம் ஆஃப்செட்டுக்காரங்களுக்கு உள்ளதுல்லா? எங்க இடம்னு எழுதாத." போய்ப் பார்த்தேன். நனையாத மூலையில் மரப்பலகை போட்டு, தார்ப்பாயால் மூடி, ஆள் உயரத்துக்குக் காகிதம். அளந்தால் 200 சதுர அடி. கதவில் எந்தப் பிரிவின் பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் இது தெரியாது, உள்ளே யாருடைய சாமான் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஷெட் பாதி எடை என்பதால் அந்த 200 சதுர அடி 100 ஆகி ஆஃப்செட்டில் சேர்ந்தது. ஆஃப்செட் 1,100, ஃபிளெக்ஸ் 600, கவுண்டரின் 300 இரண்டு மடங்காகி 600, பைண்டிங்கில் மிஞ்சிய 400 பாதியாகி 200. கூட்டினால் மறுபடி 2,500, அதே 24 ரூபாய்தான். ஆஃப்செட்டுக்கு 26,400, ஃபிளெக்ஸுக்கும் கவுண்டருக்கும் தலா 14,400, பைண்டிங்குக்கு 4,800. ஒரு சின்ன எச்சரிக்கை: வாடகைக்கு ஜி.எஸ்.டி. கட்டி, அதை உள்ளீட்டு வரியாக முழுதும் எடுத்துக்கொள்பவர்கள் வரி நீங்கிய தொகையை மட்டும் பிரியுங்கள்.

வாடகை இதோடு முடிந்தது. கரண்ட்தான் என்னை வாட்டி எடுத்துவிட்டது.

மெஷின் மேல் எழுதியிருக்கும் குதிரைத்திறனை ஓடும் மணியால் பெருக்கினால் போதும் என்று முதலில் நினைத்தேன். கூட்டிப் பார்த்தால் பில்லில் உள்ள யூனிட்டைவிட எங்கேயோ போய்விட்டது. மோட்டார் எப்போதும் முழுச் சுமையில் ஓடாது, ஏசியின் கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும். ஆகவே முதலாளியிடம் சொல்லி நான்கு பிரிவுக்கும் சப் மீட்டர் போட்டோம். ஒரு எலக்ட்ரீஷியன் வந்து ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த பில் 6,000 யூனிட். சப் மீட்டர்களில் ஆஃப்செட் 900, ஃபிளெக்ஸ் 2,100, பைண்டிங் 250, கவுண்டர் 450, ஆக 3,700. மிச்சம் 2,300 யூனிட் எங்கே போயிற்று? தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு என்று பொதுவில் போட்டு நான்காகப் பிரித்துவிட்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். ஃபிளெக்ஸ் தம்பி இந்த முறை சத்தமே போட்டான். "பெரிய மெஷினு 900 யூனிட்டு, என் ரூமு 2,100-ஆ? யாருண்ணே நம்புவா?"

என்னாலும் நம்ப முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஃப்செட் மெஷின்மேனை மட்டும் வரச்சொல்லி, மற்ற எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டினோம். கோட்டாறு சவேரியார் திருவிழா நோட்டீஸ் ஒன்று பாக்கி இருந்தது, வேலையும் நடந்தது. மெயின் மீட்டர் 9 யூனிட் ஏறியது. சப் மீட்டர் 3 மட்டும். சரியாக மூன்றில் ஒரு பங்கு.

விஷயம் இதுதான். அந்த மீட்டர் மூன்று ஃபேஸிலும் சி.டி. என்ற வளையம் மாட்டி அளப்பது. ஒரு வளையத்தின் இரண்டு வயரும் மாறிவிட்டால் அந்த ஃபேஸைக் கூட்டுவதற்குப் பதில் கழிக்கும். ஒன்றும் ஒன்றும் கூட்டி ஒன்றைக் கழித்தால் மூன்றுக்குப் பதில் ஒன்றுதானே நிற்கும். மீட்டரின் பட்டனை அழுத்தி ஃபேஸ் வாரியாகப் பார்த்தபோது இரண்டில் 3 கிலோவாட், மூன்றாவதில் கழித்தல் குறியோடு 3. வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டு S1, S2 வயர்களை மாற்றிக் கொடுத்தார். அதை நீங்களே தொடாதீர்கள். மெஷின் ஓடும்போது சி.டி. வயரைக் கழற்றினால் அதன் முனைகளில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் ஏறும்.

ஆஃப்செட்டின் 900 உண்மையில் 2,700. கூட்டு 5,500 ஆயிற்று, பொது என்று நின்றது வெறும் 500. சப் மீட்டர் மாட்டியதும் இந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனையை ஒவ்வொரு பிரிவுக்கும் செய்துவிடுங்கள். மெயினுக்கும் கூட்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால் அதைப் 'பொது' என்று மூடி மறைக்க வேண்டாம். இன்னொன்று, மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வரும் அன்றே சப் மீட்டர்களையும் போனில் படம் பிடித்து வையுங்கள். நான் மாதக் கடைசியில் எடுத்துக்கொண்டிருந்தேன், அந்த நாள் வித்தியாசமும் தனியாகக் குழப்பியது.

பில்லில் யூனிட்டுக்கான தொகை 48,000 ரூபாய், நிலைக்கட்டணம் 12,000. இரண்டையும் ஒன்றாகப் பிரிக்கக்கூடாது. நிலைக்கட்டணம் நாம் வாங்கி வைத்திருக்கும் கிலோவாட்டுக்கு வருவது, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். அதனால் அதை இணைப்புச் சுமைப்படி பிரித்தேன்: ஆஃப்செட் 15 கிலோவாட், ஃபிளெக்ஸ் 8, பைண்டிங் 4, கவுண்டர் 3. கிலோவாட்டுக்கு 400 ரூபாய். ஆடியில் கல்யாணப் பத்திரிகை வேலை குறைந்து ஆஃப்செட் சும்மா கிடந்தாலும் அதன் 6,000 அதற்கே. யூனிட் தொகை மீட்டர்படி 8 ரூபாய் வீதம். பொது 500 யூனிட்டுக்கான 4,000-ஐ ஆள் கணக்கில் போட்டேன், தண்ணீர் மோட்டாரும் கழிப்பறை விளக்கும் ஆளை வைத்துத்தானே ஓடுகின்றன. பைண்டிங்கில் எட்டுப் பேர் என்பதால் அவர்களுக்கு 1,600. அக்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

முடிவில் இரண்டு மாதத்துக்கு ஆஃப்செட் 28,800, ஃபிளெக்ஸ் 20,600, கவுண்டர் 5,400, பைண்டிங் 5,200. பைண்டிங்குக்கு மாதம் 2,600 கரண்ட், 4,800 வாடகை, ஆக 7,400. அதன் 16,000-இல் இதைக் கழித்தால் 8,600 மிச்சம். முதலாளியிடம் தாளை வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னேன். "பைண்டிங்கை மூடினாலும் வாடகை 60,000 குறையாது. அவங்க பங்கு மத்த மூணு பேர் தலையிலதான் ஏறும்." ஷெட்டைத் திருப்பிக் கொடுத்தால் உரிமையாளர் வாடகையைக் குறைப்பாரா என்று கேட்டார். ஷெட்டுக்கு அவர் தனி வாடகை போடவில்லை என்று ஒப்பந்தத்தின் அந்த ஒற்றை வரியைக் காட்டினேன். சரி, பைண்டிங் இருக்கட்டும் என்றார்.

ஜெனரேட்டர் டீசல் இன்னும் பாக்கி. கரண்ட் போகும் நேரத்தில் எந்த மெஷின் ஓடியது என்று எழுதி வைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறேன், ஃபிளெக்ஸ் தம்பிதான் எழுதுகிறான். மழை வருமுன் ஷெட்டின் தகரத்தை மாற்றித் தருவதாக முதலாளி நேற்று சொன்னார். மாற்றினால் அந்தப் பாதி எடையை நான் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.