நான்கு நொடி ‘ஆ’

2022 நவம்பர் இரண்டாம் வாரத்தில் எங்கள் வீட்டில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் படுத்தோம். எனக்கு நான்கு நாள் காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தன. ஐந்தாம் நாள் காலையில் உடல் தேறிவிட்டது போலத் தோன்றியதால் எழுந்து அடுப்படிக்குப் போய், மாடியில் இருந்த மகளைக் கூப்பிட்டேன். அவள் பெயர் வெளியே வரவில்லை, மூச்சுதான் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளாகக் கும்பகோணத்துக்கு அருகே ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்து வருவதால் தொண்டைக் கட்டு எனக்குப் பழகியதுதான். ஆண்டுக்கு ஒருமுறையாவது வரும், ஒரு வாரத்தில் போய்விடும். இதுவும் அதுதான் என்று நானும் நம்பினேன், வீட்டிலும் அப்படியே நம்பினார்கள். அத்தை அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார், இரவில் மிளகும் மஞ்சளும் இட்ட பால் தந்தார். உப்பு நீரால் நாள் முழுவதும் கொப்பளித்தேன். கொப்பளிக்கும் நீர், ஒலியை எழுப்பும் குரல்நாண்கள் இருக்கும் இடத்தை எட்டுவதே இல்லை என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

முதலில் பார்த்த மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். தொண்டை லேசாகச் சிவந்திருக்கிறது என்று ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதினார், அது முடிந்ததும் வேறொன்று எழுதினார். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாய் வழியாக எவ்வளவு விளக்கடித்தாலும் குரல்நாண்கள் கண்ணுக்குத் தெரியாது. அவை நாக்கின் அடிப்பகுதிக்கும் கீழே, மூச்சுக் குழாயின் வாயிலில் இருக்கின்றன. நான்கு வாரத்துக்கு மேல் குரல் சரியாகாவிட்டால் அங்கே நேராகப் பார்த்தாக வேண்டும் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. கழுத்தில் கட்டி, சளியில் இரத்தம், மூச்சிரைப்பு, சில நாள்களுக்கு முன் கழுத்திலோ மார்பிலோ அறுவை சிகிச்சை போன்றவை இருந்தால் அந்த நான்கு வாரமும் காத்திருக்கக் கூடாது.

இப்போது திரும்பிப் பார்த்தால், இது சாதாரணக் கட்டு அல்ல என்பதற்கான அடையாளங்கள் முதல் வாரத்திலேயே இருந்தன. தொண்டைக் கட்டில் குரல் கரகரக்கும், தடிக்கும், உடையும்; நாண்கள் வீங்கியிருந்தாலும் ஒன்றையொன்று தொடுகின்றன. என் குரலில் கரகரப்பே இல்லை. ஓட்டை விழுந்த புல்லாங்குழலில் ஊதுவது போலக் காற்று ஒழுகியது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினேன், பத்து நிமிடம் பேசினால் தலை சுற்றியது. பேருந்தில் ஊர்ப் பெயரைச் சொன்னால் நடத்துநர் குனிந்து என் உதட்டைப் பார்த்தார். இருமினால் அந்த இருமலுக்கு உதைப்பு இல்லை. எல்லாவற்றையும்விட, தண்ணீர் குடிக்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தது. சோறு எளிதாக இறங்கியது, தண்ணீரும் மோரும்தான் தகராறு செய்தன. வலி மட்டும் இல்லை. வலி இல்லாததே எங்களை ஏமாற்றிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது வாரத்தில் தஞ்சாவூரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனேன். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துச் சில நிமிடம் காக்க வைத்து, நூடுல்ஸ் அளவே தடிமனான வளையும் குழாயை மூக்கு வழியாக உள்ளே செலுத்தினார். தும்மல் வருவது போன்ற அரிப்பும் கண்ணில் நீரும்தான் வந்தன, வேறு துன்பமில்லை. எதிரே இருந்த திரையில் என் குரல்நாண்களை முதன்முதலாகப் பார்த்தேன். வெண்ணிறமான இரண்டு பட்டைகள் தலைகீழான ‘வி’ போல விரிந்திருந்தன. “ஈ சொல்லுங்க டீச்சர்” என்றார். வலப்புறப் பட்டை ஓடி வந்து நடுவில் நின்றது. இடப்புறப் பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. பாதி சாத்திய கதவைப் போல அது நின்ற இடைவெளியில்தான் என் மூச்சு வீணாகிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் என்னை நீளமாக ‘ஸ்…’ என்று சொல்லச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நொடி நின்றது. அடுத்து ‘ஆ…’ என்று சொல்லச் சொன்னார். நான்கு நொடியில் தீர்ந்தது. ‘ஸ்’ என்பதற்கு நாண்கள் வேண்டாம், நுரையீரல் காற்று போதும். ‘ஆ’ என்பதற்கு நாண்கள் மூட வேண்டும். ஆகவே காற்று குறையவில்லை, அதைத் தடுத்து ஒலியாக்கும் கதவுதான் மூடவில்லை என்று அந்த இரண்டு எண்களை வைத்தே விளக்கினார். நலமான ஒருவருக்கு ‘ஆ’ பதினைந்து நொடியாவது நிற்க வேண்டுமாம். அன்று முதல் காலையில் மூன்று முறை ‘ஆ’ சொல்லி, மிக நீண்டதை ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதி வரத் தொடங்கினேன்.

நாண் அசையவில்லை என்று கண்டதும் வேலை முடிந்துவிடவில்லை. ஏன் அசையவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. குரல்நாணை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. மண்டையோட்டின் அடியிலிருந்து புறப்படும் வேகஸ் நரம்போடு கழுத்து வழியாக இறங்கி, இடப்பக்கத்தில் மார்புக்குள்ளேயே போய், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றித் திரும்பவும் மேலேறிக் குரல்வளையை அடைகிறது. இந்த நீண்ட வழியில் எங்கே எது அழுத்தினாலும் நாண் நின்றுவிடும். தைராய்டு கட்டியாக இருக்கலாம், நுரையீரலின் மேற்பகுதியில் புற்றாக இருக்கலாம், மார்பின் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கலாம். அதனால்தான் மண்டையோட்டின் அடி முதல் மார்பு வரை சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். கழுத்தை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தினால் இடப்பக்க நரம்பின் முக்கியமான வளைவே படத்தில் இருக்காது. உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஸ்கேன் மையத்துக்குப் போகும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று மற்றவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்த பிறகு, இரத்தக் குழாயில் சாய மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏறும்போது உடல் முழுவதும் ஒரு சூடு பரவி, சிறுநீர் கழிந்துவிட்டது போன்ற உணர்வு வந்தது. அரை நிமிடத்தில் அடங்கியது. அறிக்கை மறுநாள்தான் வந்தது. அந்த ஓர் இரவு எனக்கும் என் கணவருக்கும் உறக்கமில்லை. அறிக்கையில் எதுவும் இல்லை. கழுத்திலோ மார்பிலோ கட்டி இல்லை, அறுவை சிகிச்சையும் முன்பு செய்துகொண்டதில்லை, காய்ச்சலை ஒட்டி வந்திருக்கிறது; எனவே வைரஸ் அந்த நரம்பைத் தாக்கியிருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த வைரஸ் எது என்று கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றும் செய்யப்படவில்லை. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு எஞ்சி நிற்கும் முடிவு அது.

இப்படி நாண் செயலிழந்தவர்களில் கணிசமானோருக்குக் குரல் தானாகவே தேறும், ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகலாம் என்றார். சிதைந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். அதனால் நாணை நிரந்தரமாக நடுவுக்குத் தள்ளி வைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வரை பேசுவதில்லை. அதுவரை வெறுமனே காத்திருக்க வேண்டியதும் இல்லை. பேச்சுப் பயிற்சியாளர் முதலில் குரலைவிடத் தண்ணீரைத்தான் கவனித்தார். தாடையைத் தாழ்த்தி, தலையைச் செயலிழந்த இடப்பக்கம் திருப்பி, சிறு மடக்காகக் குடிக்கச் சொன்னார். புரையேறுவது அன்றே பாதியாகக் குறைந்தது. கிசுகிசுத்துப் பேசவே கூடாது என்று கண்டித்தார். நான் அதுவரை குரலைப் பாதுகாப்பதாக நினைத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். அதில் நாண்களுக்கு மேலுள்ள தசைகள் இறுகிப் பழகிவிடுமாம். குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழலை வைத்து ‘ஊ’ என்று குமிழி விடும் பயிற்சியை நாளுக்கு ஐந்து முறை செய்தேன்.

இருந்தும் ஜனவரி நடுவில் என் குறிப்பேட்டில் ‘ஆ’ ஐந்து நொடியைத் தாண்டவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நெருங்கியது. தற்காலிகமாக நாணை நடுவுக்குக் கொண்டுவரும் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம். ஹயலூரானிக் அமிலம் எனப்படும் கூழை அசையாத நாணுக்குள் செலுத்தி அதைப் பருக்க வைப்பார்கள். வலப்பக்க நாண் வந்து தொடுவதற்கு அது போதும். கூழ் சில மாதங்களில் கரைந்துவிடும், நரம்பு தேறுவதைத் தடுக்காது. மயக்க மருந்து இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்துத் தோலை மரக்க வைத்து, மூக்குக் குழாயில் பார்த்துக்கொண்டே கழுத்தின் முன்புறமாக ஊசியைச் செலுத்தினார். விழுங்காமல் இருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. நடுவில் “இப்ப ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க” என்றார். எட்டு வரை ஒரே மூச்சில் எண்ணினேன், இரண்டரை மாதத்துக்குப் பிறகு என் குரலை நானே கேட்டேன். எதிரில் இருந்த என் கணவர் அழுதுவிட்டார். மூச்சுத் திணறல் ஏதும் வருகிறதா என்று சிறிது நேரம் இருக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். முதல் சில நாள் குரல் இறுக்கமாக இருந்து, பிறகு தளர்ந்தது. குறிப்பேட்டில் பதினொன்று என்று எழுதினேன்.

மார்ச்சும் ஏப்ரலும் நன்றாகப் போயின. மே மாதம் பத்து, ஒன்பது என்று எண் இறங்கத் தொடங்கி ஜூன் முதல் வாரத்தில் எட்டுக்கு வந்தது. கூழ் கரைகிறது என்று தெரிந்தும் பயந்தேன். இடையில் கிடைத்த குரல் ஊசியுடையதா, என் நரம்புடையதா என்பதை எண்ணால் மட்டும் பிரித்தறிய முடியாது என்பதே இந்த ஊசியில் உள்ள சிக்கல். ஆனால் எட்டுக்குக் கீழே அது இறங்கவில்லை. ஜூலையில் ஒன்பது, பத்து என்று ஏறி, ஆகஸ்டில் பதின்மூன்றில் நின்றது.

ஒன்பதாம் மாத முடிவில் மறுபடியும் மூக்குக் குழாயில் பார்த்தோம். இடது நாண் வலது நாணைப் போல ஓடி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது அசைந்ததாகவே தெரியவில்லை. திரையைப் பார்த்ததும் மனம் சோர்ந்தது. மருத்துவர் படத்தை நிறுத்திக் காட்டினார். முன்பு ஓரமாகத் தொய்ந்து கிடந்த நாண் இப்போது நடுக்கோட்டுக்கு அருகில் நேராக, தசைப்பிடிப்போடு நின்றது. நரம்பிழைகள் திரும்ப வளரும்போது, மூடும் தசைக்குப் போக வேண்டியவை திறக்கும் தசைக்கும், அதற்குரியவை இதற்குமாகக் கலந்து சேர்வதுண்டு. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் நாண் அசையாது, ஆனால் உயிரோடு இறுகி நிற்கும். வலது நாண் வந்து தொட அதுவே போதும். அசைவு திரும்பாமலே குரல் திரும்ப முடியும் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். நிரந்தர அறுவை சிகிச்சை வேண்டாம் என்று அவரும் சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன்.

இப்போது நாற்பது பேர் உள்ள வகுப்பில் சிறிய ஒலிபெருக்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறேன். செய்யுளை வாசிக்கும்போது நீண்ட அடியின் நடுவில் எங்கே மூச்சு வாங்குவது என்று முன்கூட்டியே பென்சிலால் கோடிட்டுக்கொள்கிறேன். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளையைக் கத்திக் கூப்பிட முடியவில்லை. மாலையில் குரல் மெலிந்துவிடுகிறது. தண்ணீரை மட்டும் எந்தப் பக்கமும் தலையைத் திருப்பாமல் குடிக்கிறேன். இன்று காலைக் குறிப்பேட்டில் எழுதிய எண் பதினான்கு.