வெண்பின்னணியில் மயில்கழுத்து நிறக் குவளை: நிழலையும் நிறத்தையும் காப்பாற்றிய விதம்

மட்பாண்டம் செய்யும் நண்பர் ஒருவர், தம் குவளைகளை இணையச் சந்தையில் விற்பதற்காகப் படம் எடுத்துத் தரும்படி கேட்டார். குவளையின் உடல் முழுவதும் நீலமும் பச்சையும் கலந்த மயில்கழுத்து நிறத்தில் பளபளப்பான கிளேஸ் பூச்சு. விளிம்பில் மட்டும் பூச்சு விலகி, மண்ணின் இளமஞ்சள் வெண்மை ஒரு விரற்கடை அகலத்துக்குத் தெரியும். அமேசான் போன்ற தளங்கள், முதன்மைப் படத்தின் பின்னணி தூய வெண்மையாக, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் 255 என்ற உச்ச அளவில் இருக்க வேண்டும் என்றும், பொருள் படச்சட்டத்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும் என்றும் கேட்கின்றன. இந்தக் குவளைக்கு அது எளிய நிபந்தனை அல்ல. பின்னணியை வெளுக்க வைக்கும் வெளிச்சம் விளிம்பையும் சேர்த்து வெளுக்க வைக்கும். விளிம்பைக் காப்பாற்றினால் பின்னணி சாம்பலாகும்.

முதலில் பலரும் அமைக்கும் முறையிலேயே தொடங்கினேன். வெள்ளைத் தாள் ரோலைத் தாங்கியில் மாட்டி, மடிப்பு விழாதபடி மென்மையான வளைவுடன் மேசைமேல் இறக்கி, வளைவிலிருந்து முக்கால் மீட்டர் முன்னால் குவளையை வைத்தேன். இடப்பக்கம் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி விளக்கான சாஃப்ட்பாக்ஸ் ஒன்று, வலப்பக்கம் வெள்ளை அட்டை, பின்தாளுக்குத் தனியாக இரண்டு ஃபிளாஷ் விளக்குகள். குவளையின் முகத்தோடு ஒட்டி, ஒளியை அளக்க உதவும் சாம்பல் அட்டையான கிரே கார்டை நிறுத்தி, அது திரையில் 118 அளவில் வரும்படி ஒளி அளவைச் சரிசெய்தேன். குவளைக்குப் பின்னால் இருந்த தாள் 255ஐத் தொட்டது. ஆனால் குவளை நின்ற தரை 225 முதல் 232 வரையில் நின்றுவிட்டது. பின்பக்கம் வெள்ளை, முன்பக்கம் மங்கிய சாம்பல், இரண்டுக்கும் நடுவே தெளிவற்ற ஒரு பட்டை. பின்னணி வெள்ளையாக இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் படங்கள் பலவற்றில் குறை இந்தத் தரையில்தான் இருக்கிறது.

இதற்குக் காரணம் எளிது. நல்ல வெள்ளைத் தாள்கூட விழும் ஒளியில் ஏறக்குறைய 90 விழுக்காட்டையே திருப்பி அனுப்புகிறது. ஆகவே பொருளுக்குச் சரியாக அளந்த ஒளி அதே அளவில் தாளின்மேலும் விழுந்தால், தாள் 240ஐ ஒட்டித்தான் வரும். பக்கவாட்டு விளக்கு தரையைச் சாய்வாகத் தடவிச் செல்வதால் அந்த அளவுகூடக் கிடைப்பதில்லை. கணினியில் ஒட்டுமொத்த வெளிச்சத்தைக் கூட்டினால் தரை வெளுக்கும், உண்மைதான். ஆனால் கூடவே குவளையும் வெளிறும், விளிம்பு பின்னணியில் கரைந்துவிடும். எனவே தரையின் ஒளியையும் குவளை முகத்தின் ஒளியையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே எனக்குத் தெளிவான முடிவாகப் பட்டது. அதைத் திருத்தத்தில் செய்வதைவிட விளக்கிலேயே செய்வது மேல்.

சாஃப்ட்பாக்ஸைப் பக்கத்திலிருந்து எடுத்து, குவளைக்கு நேர் மேலே, சற்றே பின்தள்ளித் தாங்கியில் தொங்கவிட்டேன். அதன் கீழே, ஒளியைப் பரப்பும் பெரிய டிஃப்யூசர் துணி ஒன்றைக் கிடையாக விரித்தேன். இப்போது கிடைமட்டமான தரை ஒளியை முழுமையாக வாங்கியது. செங்குத்தான குவளை முகம் குறைவாக வாங்கியது. முகத்துக்கு வேண்டிய ஒளியை, கேமராவின் இருபுறமும் குவளையை நோக்கிச் சாய்த்து நிறுத்திய வெள்ளை அட்டைகள் தந்தன. அட்டைகளை அருகில் கொண்டுவந்தால் முகம் ஒளிரும், தள்ளி வைத்தால் இருளும். ஒளி இரு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். தரை முகத்தைவிட மூன்றில் ஒரு ஸ்டாப் அளவே பிரகாசமாக இருக்கும்படி அட்டைகளை நிறுத்தினேன். அந்த அளவில் தாள் 255ஐ எட்டுகிறது. மண்ணின் வெண்மை கொண்ட விளிம்போ 240ஐ ஒட்டி நிற்கிறது. வேறுபாடு அரை ஸ்டாப்பைத் தாண்டியதும் விளிம்பும் தாளும் ஒன்றாகிவிட்டன. இவ்வளவு குறுகிய இடைவெளிக்குள்தான் முழு வேலையும் நடக்கிறது என்பதால், ஒவ்வொரு முறை அட்டையை நகர்த்தியபோதும் கிரே கார்டை மீண்டும் நிறுத்தி அளந்தேன். பின்தாளின் விளக்குகளையும் அது 255ஐ எட்டும் அளவுக்கு மட்டும் குறைத்தேன். அதற்கு மேல் கூட்டினால், பின்னாலிருந்து வரும் மிகையான ஒளி லென்ஸுக்குள் சிதறிப் படம் முழுவதும் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும்.

மேலிருந்து வரும் இந்த விளக்கு நிழலுக்கும் நல்லது செய்தது. பக்க விளக்கில் நிழல் ஒருபுறமாக நீண்டு, அதன் விளிம்பு அடுத்த படத்தில் வேறு இடத்தில் விழும். பட்டியலில் பல குவளைகள் வரிசையாகத் தெரியும்போது அது கண்ணை உறுத்தும். மேல் விளக்கில் நிழல் குவளையின் அடியைச் சுற்றி இருபுறமும் ஒரே அகலத்தில் அமைந்தது. அடி தாளைத் தொடும் இடத்தில் மெல்லிய கருங்கோடு, அங்கிருந்து வெளியே மெதுவாகத் தேய்ந்து வெண்மையில் முடியும் சாயல். அந்தத் தேய்வு படத்தின் ஓரத்துக்கு வெகுமுன்பே 255ஐ எட்டிவிட வேண்டும். இல்லையெனில் தளத்தின் வெள்ளைப் பக்கத்தில் படத்தின் ஓரம் கோடாகத் தெரியும். நிழலை முழுவதுமாக வெட்டி நீக்கிவிடுவோரும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. அடியில் கருங்கோடு இல்லாத குவளை அந்தரத்தில் மிதப்பதாகத் தோன்றும். அதன் கனமும் உயரமும் பார்ப்பவருக்குப் பிடிபடாது.

பளபளப்பான பூச்சு தன்னைச் சுற்றியுள்ளதையெல்லாம் பிரதிபலிக்கும். சுற்றிலும் வெள்ளை என்றால், அந்த வெள்ளை மெல்லிய திரைபோல் நிறத்தின்மேல் படிந்து அதைச் சோகையாக்கும். படச்சட்டத்துக்குச் சற்று வெளியே, குவளையின் இருபக்கமும் இரண்டு கருப்பு அட்டைப் பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தினேன். உடனே பக்க ஓரங்களில் ஆழ்ந்த கோடு விழுந்து, உருவம் வெண்மையிலிருந்து தெளிவாகப் பிரிந்தது. நடுவிலும் நிறம் அடர்ந்தது. பட்டைகள் அகலமாக இருந்தால் ஓரம் கரியால் வரைந்ததுபோல் ஆகிவிடும் என்பதால், இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக் கொண்டேன்.

இனி நிறம். நண்பர் முன்பு எல்.இ.டி. பலகையின் கீழ் எடுத்த படங்களில் குவளை வெறும் நீலமாகத் தெரிந்தது. வாங்கியவர்கள், “படத்தில் நீலம், வந்தது பச்சை” என்று எழுதியிருந்தார்கள். விளக்கின் பெட்டியில் நிறத்தர எண்ணான சி.ஆர்.ஐ. உயர்வாகவே போட்டிருந்தது. ஆனால் அந்த எண் வெளிறிய எட்டு மாதிரி நிறங்களின் சராசரி. அடர்ந்த மயில்கழுத்து நிறம் அவற்றில் இல்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் நீலத்தில் ஒரு முகடு இருக்கும். அதை அடுத்து, 480 நானோமீட்டர் பகுதியில் ஒரு பள்ளம் இருக்கும். இந்தப் பூச்சு உயிர்பெறுவது அந்தப் பள்ளத்தை ஒட்டிய அலைநீளங்களில்தான். விளக்கில் இல்லாத ஒளியைப் பொருள் திருப்பித் தர முடியாது. பின்னால் நிறத்தை எவ்வளவு திருகினாலும் அது சரியாக அமைவதில்லை. நான் பயன்படுத்திய செனான் ஃபிளாஷின் ஒளி இடைவெளியின்றித் தொடர்வது என்பதால் இந்தச் சிக்கல் எழவில்லை. அறை விளக்கை அணைத்து, சன்னல் திரையையும் மூடிவிட்டேன். இரண்டு வகை ஒளி கலந்தால் குவளையின் ஒருபக்கத்துக்குச் சரிசெய்த நிறம் மறுபக்கத்தைக் கெடுக்கும்.

குவளையை எடுத்துவிட்டு, அது நின்ற இடத்தில் 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்தேன். அதிலிருந்து இந்த விளக்குக்கும் இந்தக் கேமராவுக்கும் உரிய நிறச் சுயவிவரக் கோப்பை உருவாக்கி, கேமராவின் மூலப் பதிவுகளான ரா கோப்புகள் எல்லாவற்றுக்கும் அதையே பொருத்தினேன். வெண்சமநிலையை எடுத்தது அட்டையின் சாம்பல் கட்டத்திலிருந்து. பின்னணித் தாளைச் சொடுக்கி வெண்சமநிலை எடுப்பது நம்பத்தக்கதல்ல. முழுதும் வெளுத்துப்போன இடத்தில் நிறத் தகவலே மிஞ்சியிருக்காது. தவிர, பல வெள்ளைத் தாள்களில் கலந்துள்ள வெண்மையூட்டி, ஃபிளாஷின் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிரும். அதைச் சாம்பல் என்று கணினி எடுத்துக்கொண்டால் குவளை மஞ்சளை நோக்கிச் சாயும்.

அதன் பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. இணையப் படங்களுக்கு வழக்கமான நிறவெளியான sRGB-க்கு மாற்றியதும் குவளையின் நடுப்பகுதியில் பூச்சின் நுண்ணிய புள்ளிகள் மறைந்து, சமதளமாகச் சாயம் அடித்ததுபோல் தெரிந்தது. அங்கே அளவைப் படித்தபோது பச்சையும் நீலமும் ஒழுங்காக ஏறி இறங்கின. சிவப்பு மட்டும் எங்கு பார்த்தாலும் 0. அந்த நிறம் sRGB-யின் எல்லைக்கு வெளியே இருப்பதன் அடையாளம் அது. பச்சை கலந்த நீலப் பகுதியின் நிறச்செறிவை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்தேன். சிவப்பு 0-விலிருந்து எழுந்து 10, 15 என்று அசையத் தொடங்கியதும் புள்ளிகள் திரும்பின. உண்மைக் குவளையின் செறிவு முழுவதும் திரையில் வராது. ஆனால் நீலமா பச்சையா என்ற சாயல் பிசகாமல் இருந்தால் வாங்குபவர் ஏமாறமாட்டார் என்பதால், செறிவை விட்டுக்கொடுத்துச் சாயலைக் காத்தேன். அளவுசெய்த திரைக்குப் பக்கத்தில், பகலொளிக்கு நிகரான விளக்கின் கீழ் குவளையை வைத்து நண்பர் ஒப்பிட்டுப் பார்த்தார். “கைப்பிடியின் உட்பக்கம் இன்னும் கொஞ்சம் பச்சை” என்று அவர் சொன்ன பிறகு அந்த இடத்தைத் தனியாகத் திருத்தினேன்.

இறுதியாகப் பின்னணி. போட்டோஷாப்பில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Threshold அடுக்கை வைத்து, அதன் அளவை 255-க்கு நகர்த்தினால், தூய வெண்மையாக உள்ளவை மட்டும் வெள்ளையாகவும் மற்றவை கருப்பாகவும் தெரியும். கண்ணுக்கு முழு வெள்ளையாகத் தெரிந்த படத்தில், முன்புற மூலைகள் இரண்டிலும் கரும்புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அங்கே அளவு 248 முதல் 252 வரை. குவளையையும் நிழலையும் திருத்தம் படாதபடி மறைக்கும் மாஸ்கால் விலக்கிவிட்டு, மீதிப் பகுதியில் மட்டும் Levels வெண்புள்ளியை 246-க்குக் கொண்டுவந்ததும் அவை மறைந்தன. மாஸ்கின் ஓரம் நிழல் தேயும் இடத்தில் அகலமாக மங்கியிருக்க வேண்டும். கூர்மையாக இருந்தால் நிழல் கத்தரித்ததுபோல் நின்றுவிடும். நிழலுக்குள் குவளையின் நிறம் தெறித்து 188, 196, 197 என்று இருந்தது. அந்தப் பகுதியின் நிறச்செறிவை நீக்கிச் சாம்பலாக்கினேன். அடியை ஒட்டிய மிக மெல்லிய இடத்தில் மட்டும் அந்தத் தெறிப்பை விட்டுவைத்தேன்.

தாங்கிகளும் அட்டைகளும் நின்ற இடங்களை மேசையிலும் தரையிலும் ஒட்டுநாடாவால் குறித்து வைத்ததால், மீதிக் குவளைகளை அதே நிழலுடன் எடுக்க முடிந்தது. முழு வெள்ளைப் பூச்சுள்ள குவளைக்கு மட்டும் இந்த அமைப்பு அப்படியே போதவில்லை. அதற்குக் கருப்புப் பட்டைகளை இரட்டிப்பு அகலமாக்கி, மேலே விளிம்புக்குப் பின்னாலும் படச்சட்டத்துக்கு வெளியே ஒரு பட்டையைத் தொங்கவிட்டு, தரைக்கும் முகத்துக்குமான வேறுபாட்டைக் கால் ஸ்டாப்புக்குக் குறைத்து, எஞ்சிய சாம்பலை மாஸ்கின் மூலம் நீக்க வேண்டியிருந்தது.