பக்கு தானாய் உதிரும் வரை

ஜனவரி 6, 2025

பதினாறு வயதுப் பெண். இரண்டு மாதத்தில் பொதுத்தேர்வு. (அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உடம்பில் ஆறாத புண்கள் 14: இடது முன்கையில் ஐந்து, நெற்றியிலும் தாடையிலும் ஆறு, தோளில் மூன்று. வலது கையில் ஒன்றுகூட இல்லை. முதுகின் நடுவிலும் இல்லை. வலக்கைப் பழக்கம் உள்ளவர் தன் தோலைத் தானே நோண்டும்போது புண்கள் இப்படித்தான் பரவியிருக்கும். விரல் எட்டாத இடம் சுத்தமாக இருக்கும்.

முதல் வேலை, வேறு காரணம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்வது. இரவில் அரிப்பு கூடுவது, விரல் இடுக்குகளில் கொப்புளம், வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு என்றெல்லாம் இருந்தால் அது சொறி சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்துதான் வழி. இவளுக்கு அவை இல்லை. வலிக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்கிறாளா என்பதையும் நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயம் தேவையில்லை. “இல்ல, சொரசொரன்னு இருக்கறத எடுத்துடணும்னு தோணும், அவ்வளவுதான்” என்றாள்.

பிறகு சொன்ன இரண்டு வாக்கியங்கள்தான் முக்கியம். “படிக்கும்போது எனக்கே தெரியாது, பாத்தா ரத்தம் வந்திருக்கும்.” சற்றுக் கழித்து, “கண்ணாடி முன்னாடி நின்னா அரை மணி நேரம் போயிடும்.” இரண்டையும் செய்வது ஒரே கைதான், ஆனால் பழக்கம் இரண்டு. ஒன்று தன்னறியாமல் நடப்பது, மற்றது முழுக் கவனத்தோடு நடப்பது. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பலிக்காது.

ஜனவரி 8

இந்த வாரம் நிறுத்தச் சொல்லவில்லை, எழுத மட்டும் சொன்னோம். உள்ளங்கை அளவு நோட்டு, ஒரு தடவைக்கு ஒரு வரி: மணி என்ன, எந்த இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், விரலுக்கு முதலில் என்ன தட்டுப்பட்டது. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிடி கிடைப்பது அதில்தான்.

எழுத ஆரம்பித்ததுமே எண்ணிக்கை கொஞ்சம் குறையும். அதைப் பார்த்துவிட்டுப் பழக்கம் போய்விட்டது என்று வீட்டில் கொண்டாட வேண்டாம். கவனிக்கப்படும் எந்தப் பழக்கமும் சில நாள் அடங்கித்தான் இருக்கும்.

ஜனவரி 13

நோட்டில் 31 வரிகள். 22 படிக்கும் மேசையில். மீதி ஒன்பதும் இரவு பத்துக்கு மேல், குளியலறைக் கண்ணாடி முன்.

மேசை வரிகளில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. இடது கை புத்தகத்தின் மேல் கிடக்கிறது. கணக்கு ஒன்று பிடிபடாமல் நிற்கிறது. வலது கை பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்கையைத் தடவுகிறது. தடவும் விரல் மேடு தேடுகிறது. பக்கின் விளிம்பு தட்டுப்பட்டதும் நகம் உள்ளே போகிறது. அவளுக்கு நினைவிருந்தது நகம் போன கணம் மட்டும். ஆனால் பழக்கம் அதற்கு அரை நிமிடம் முன்பே, பேனாவைக் கீழே வைத்தபோதே தொடங்கிவிடுகிறது.

விளிம்பு ஏன் தூக்கிக்கொள்கிறது என்பதை அவளுக்கு விளக்கியது வீண் போகவில்லை. காய்ந்த பக்கு சுருங்கும். அதன் அடியில் புதுத் தோல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளரும். அதனால் ஓரம்தான் முதலில் கழன்றுகொள்ளும். நடு இன்னும் ஒட்டியிருக்கும்போது இழுத்தால், வளர்ந்த புதுத் தோலும் சேர்ந்து பிய்ந்து வரும், புண் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். மறுபடி பக்கு, மறுபடி விளிம்பு. முன்கையில் ஒரே புண் ஏழு வாரமாக இருப்பது இப்படித்தான்.

ஆகவே விரலுக்கு விளிம்பே தட்டுப்படாமல் செய்ய வேண்டும். ஈரப்பதத்தோடு மூடி வைத்த புண் காயவிட்ட புண்ணைவிட வேகமாக மூடும் என்று 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் செய்த சோதனையில் காட்டினார். “காத்துப் படட்டும், காயட்டும்” என்ற வீட்டு வைத்தியம் இங்கே எதிரி.

செய்முறை இதுதான். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஒற்றித் துடைத்து, தோல் நன்றாக உலர்ந்த பிறகு, புண்ணின் நீரை உறிஞ்சி ஈரத்தோடு மூடி வைக்கும் ஹைட்ரோகொலாய்டு ஒட்டி ஒன்றை, புண்ணைச் சுற்றிலும் நல்ல தோலில் ஒட்டும் அளவுக்குப் பெரிதாக வெட்டி, அரை நிமிடம் உள்ளங்கையால் அழுத்த வேண்டும். சூடு பட்டால் நன்றாகப் பிடிக்கும். அடியில் களிம்பு தடவக் கூடாது, தடவினால் ஒட்டாது. அவளுடைய முதல் மூன்று ஒட்டிகள் அப்படித்தான் விழுந்தன. ஒட்டி கிடைக்காவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகத் தடவி, மேலே சாதாரணப் பிளாஸ்திரி போட்டால் போதும். சீழ் வைத்த புண்ணை மட்டும் ஒட்டியால் மூடக் கூடாது.

ஜனவரி 17

ஒட்டி நடுவில் வெள்ளையாக உப்பியதைச் சீழ் என்று நினைத்து, பிரித்துப் பார்த்திருக்கிறாள். அது புண்ணின் நீரை ஒட்டி உறிஞ்சியதால் வரும் உப்பல். உப்பல் ஓரத்தை எட்டும்வரை, இரண்டு மூன்று நாள்கூட, அப்படியே விடலாம். எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், தோலோடு கிடைவாக இழுத்து நீட்டினால் தானே விட்டுவிடும்.

இன்று மாற்றுச் செயல். நேதன் அஸ்ரின், கிரெகரி நன் இருவரும் 1973-இல் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சியின் முதுகெலும்பு இது: நோண்டுவதோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத ஒன்றை அந்தக் கைக்குக் கொடுப்பது. பக்கத்தில் இருப்பவருக்கு வித்தியாசமாகத் தெரியக் கூடாது, படிப்பையும் நிறுத்தக் கூடாது. அவள் தேர்ந்தெடுத்தது: கட்டை விரலை உள்ளே மடக்கி முட்டி பிடித்து, கையைத் தொடைமேல் வைத்து, ஒரு நிமிடம். கண் புத்தகத்தில் இருக்கலாம். வலிக்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம்.

ஜனவரி 21

பலிக்கவில்லை என்று நோட்டை மூடிவைத்துவிட்டாள். வரிகளைப் படித்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது: ரத்தம் வந்த பிறகு முட்டி பிடித்திருக்கிறாள். அப்போது அது தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை ஆகிவிடுகிறது. முட்டி பிடிக்க வேண்டிய கணம், பேனா கீழே போகும் கணம். இருபது தடவை நடித்துப் பழகினோம்: பேனாவை வை, கை முன்கைக்குப் போகட்டும், தொடும் முன் நிறுத்து, முட்டி பிடி. சிரித்துக்கொண்டே செய்தாள். இந்த ஒத்திகை இல்லாமல் வாயால் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் பயனில்லை.

பந்து அழுத்தும் விளையாட்டுப் பொருளை யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டே நாளில் சலித்துவிட்டது. அவள் விரல் தேடுவது மேட்டையும் உரிவதையும். வழவழப்பான கல்லில் வெள்ளைப் பசையைப் பூசி, காய்ந்த பின் உரிக்கக் கொடுத்தோம். அது பிடித்துவிட்டது. மேசையில் எப்போதும் இரண்டு கல்: ஒன்று உரிக்க, ஒன்று காய.

அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது. ஒரு மாலையில் “நோண்டாதே!” என்று எத்தனை தடவை சொல்கிறார் என்று அவரையே எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை நிற்கும், முகம் சிவக்கும், பிறகு கதவு சாத்தப்படும். கதவுக்குப் பின்னால் கண்ணாடி இருக்கிறது. அதற்குப் பதிலாக மகளே தேர்ந்தெடுத்த சாடை: மேசையை ஒரு தரம் தட்டுவது. ஒரு மாலைக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது. கை சும்மா இருக்கும் நேரத்தில் போய்ப் பேச்சுக் கொடுப்பது இன்னும் நல்லது.

ஜனவரி 27

மேசை வரிகள் 22-இலிருந்து ஒன்பதாகிவிட்டன. கண்ணாடி வரிகள் அப்படியே.

இதில் ஆச்சரியம் இல்லை. கண்ணாடி முன்னால் அவளுக்குத் தெரிந்தேதான் செய்கிறாள். அந்த நேரம் அதுதான் வேண்டும். நாள் முழுக்க எதுவும் சரியாக வரவில்லை, இந்த ஒரு பருவையாவது சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம். முட்டி பிடிக்கச் சொன்னால் “அப்புறம்” என்பாள். இங்கே மனதோடு மல்லுக்கட்டுவதைவிட இடத்தை மாற்றுவது சுலபம்.

பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வெளியே போனது. பளீர் விளக்குக்குப் பதில் மங்கலான மஞ்சள் விளக்கு. தரையில் ஒரு நாடா, கண்ணாடியிலிருந்து ஒரு கை தூரத்தில். அதைத் தாண்டி நிற்பதில்லை. முகம் கழுவுவது இரவு பத்திலிருந்து மாலை ஏழுக்கு, களைப்பு ஏறும் முன்பே. கழுவி முடித்ததும் இருக்கும் பருக்களின் மேல் ஒட்டி. நகங்களை மூன்று நாளுக்கு ஒரு தடவை வெட்டி, அரத்தால் தேய்த்து முனை மழுக்க வேண்டும். வெட்டியபடியே விட்டால் முனை கூராக நிற்கும்.

பருவையும் கவனிக்காமல் இதெல்லாம் நிற்காது. தோல் மருத்துவர் சொன்னது 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு, பட்டாணி அளவு, பரு வந்த இடத்தில் மட்டுமல்லாமல் பரு வரும் பகுதி முழுவதும். திறந்த புண்ணின் மேல் படக் கூடாது. பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும். துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பிப்ரவரி 3

மாதிரித் தேர்வு மதிப்பெண் வந்த இரவு, நாடாவைத் தாண்டி நாற்பது நிமிடம். நான்கு புதுப் புண்கள். மறுநாள் நோட்டில் வெறும் கோடு.

சறுக்கிய இரவுக்கென்று சிறிய ஒழுங்கு வைத்திருக்கிறோம்: கழுவு, ஒட்டு, ஒரு வரி எழுது, படு. எத்தனை நாள் நோண்டாமல் இருந்தோம் என்ற தொடர்க்கணக்கு வைப்பதில்லை. அந்தக் கணக்கு உடைந்த அன்று “எல்லாம் போச்சு, இன்னும் கொஞ்சம்” என்ற எண்ணமே மேலும் நோண்ட வைக்கும்.

முன்கையில் ஒரு புண் சிவந்து சூடாக இருந்தது. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்தோம். கோட்டைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கீற்று ஓடினாலோ அன்றே மருத்துவர். கண், மூக்கு ஓரத்தில் வீங்கினால் கோடெல்லாம் வரைந்துகொண்டிருக்கக் கூடாது, உடனே போக வேண்டும். இது மறுநாள் கோட்டுக்குள்ளேயே சுருங்கிவிட்டது.

பிப்ரவரி 17

திறந்த புண்கள் ஐந்து. அவளோ “ஒண்ணுமே ஆறல” என்கிறாள். அவள் பார்ப்பது பழுப்புத் தழும்பை. புண் ஆறிய இடத்தில் நிறம் மாதக்கணக்கில் தங்கும், வெயில் பட்டால் இன்னும் கருக்கும். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடலாம், வேறு ஒன்றும் வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தட்டுப்படாதது நிறம். விரலுக்குத் தட்டுப்படுவதே புண். நோட்டில் இனி இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறாள்.

மார்ச் 3

திறந்த புண்கள் இரண்டு. மேசை வரிகள் வாரத்துக்கு நான்கு, கண்ணாடி வரி ஒன்று.

எல்லாருக்கும் இரண்டு மாதத்தில் இப்படி இறங்காது. நிறுத்த முயன்றும் முடியாமல், படிப்பும் மற்றவர்களோடு பழகுவதும் கெடும் அளவுக்குப் போனால் அது வெறும் கெட்ட பழக்கம் அல்ல. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான, 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 இதைத் தனிக் கோளாறாகவே பட்டியலிட்டிருக்கிறது. அப்போது மனநல மருத்துவரும் தோல் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மனச்சோர்வோ தன்னைக் காயப்படுத்தும் எண்ணமோ தென்பட்டால் நோட்டு, ஒட்டி எதற்கும் காத்திருக்கக் கூடாது.

தேர்வு அறைக்குக் கல்லைக் கொண்டுபோக முடியாது. முழுக்கைச் சட்டை, வெட்டிய நகம், முன்கையில் இரண்டு ஒட்டி. விடை தோன்றாமல் நிற்கும்போது பேனாவைக் கீழே வைக்காமல் விரல்களுக்குள்ளேயே பிடித்திருப்பது. இதை மட்டும் நேற்று முழுக்க மூன்று மணி நேர மாதிரித் தாளில் பழகினாள். பேனா இரண்டு தடவை கீழே போனது, இரண்டு தடவையும் அவளே எடுத்துக்கொண்டாள்.