ரெஃபரன்ஸ் முடிந்தது, ஆஃபர் இன்னும் வரவில்லை

போன செவ்வாய்க்கிழமை எச்ஆர் கூப்பிட்டு, "ரெஃபரன்ஸ் செக் முடிந்துவிட்டது, அடுத்த கட்டம் சீக்கிரம் சொல்கிறோம்" என்றார். துரைப்பாக்கத்தில் பஸ்ஸில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்புறம் சத்தமே இல்லை.

பழைய டீம் லீட் அக்காவிடம் புலம்பினேன். "ரெஃபரன்ஸ் முடிந்தாலும் உன் சம்பளத்துக்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்கணும்ப்பா. ஒருத்தர் லீவு போட்டாலே அங்கேயே நின்றுவிடும். 'அப்டேட் உண்டா' என்று மட்டும் கேட்காதே, அவங்க பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேள்" என்றார்.

ஐந்து வேலை நாள் பொறுத்து, இன்று காலை பழைய மெயிலுக்கே பதிலாக எழுதினேன்: "போன செவ்வாய் பேசியதன் தொடர்ச்சியாக எழுதுகிறேன். ஆஃபர் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? என் பக்கம் ஏதாவது ஆவணம் பாக்கியா? எனக்கு நோட்டீஸ் 60 நாள். ஆஃபர் லெட்டர் வந்த பிறகே ராஜினாமா கொடுக்க முடியும், சேரும் தேதியை அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும்."

மதியமே பதில் வந்தது. நான் அனுப்பிய மூன்று மாதச் சம்பளச் சீட்டில் ஒன்று திறக்கவில்லையாம், அதனால்தான் ஒப்புதலுக்கே போகவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் கிடந்திருக்குமோ! உடனே அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதுவரை ராஜினாமா பேச்சே இல்லை. வியாழக்கிழமை இருக்கும் இன்னொரு இன்டர்வியூவுக்கும் போகிறேன்.